சி.ஓ.டி.யும் ரிட்டர்னும்: முதல் முறை வாங்குபவர் நம்பி ஆர்டர் போட என்ன செய்ய வேண்டும்? இன்ஸ்டாகிராம் சேலைக் கடைக்காரர்களுக்கான முழு வழிகாட்டி

இன்ஸ்டாகிராமில் சேலை விற்பவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. புதிதாக ஒருவர் டி.எம்.-இல் வந்து “சி.ஓ.டி. இருக்கா?” என்பார். “இருக்கு சிஸ்டர்” என்று பதில் போடுவோம். அதோடு அவர் காணாமல் போய்விடுவார். கேட்டது இருக்கிறது என்று சொன்ன பிறகும் ஏன் போனார்?

சி.ஓ.டி. பாதிப் பயத்தைத்தான் போக்குகிறது என்பது அவருக்குத் தெரியும். காசை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு பிளாக் செய்துவிடுவார்கள் என்ற பயம் போகும். ஆனால் கூரியர்காரர் பணத்தை வாங்கிய பிறகுதான் பார்சலைக் கையில் கொடுப்பார். பிரித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றால் பெரும்பாலும் விடமாட்டார். பணம் கொடுத்துப் பிரித்தால் உள்ளே பழைய துணி, அல்லது படத்தில் பார்த்ததற்குச் சம்பந்தமே இல்லாத பாலியஸ்டர் சேலை. இப்படி ஏமாந்தவர் ஒவ்வொரு தெருவிலும் ஒருவராவது இருப்பார். எனவே அவர் மனதில் ஓடும் உண்மையான கேள்வி வேறு: “சரியில்லாத பொருள் வந்தால், நான் கூரியர்காரர் கையில் கொடுத்த காசு எப்படித் திரும்பி வரும்?” இதற்கு அவர் கேட்கும் முன்பே பதில் சொல்லும் கடைக்குத்தான் ஆர்டர் வரும். சி.ஓ.டி.யையும் ரிட்டர்னையும் ஒரே வாக்குறுதியாகக் கட்ட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

உதாரணத்துக்கு, மதுரையிலிருந்து சுங்குடி காட்டன் சேலை விற்கும் ஒரு சின்னக் கடையை எடுத்துக்கொள்வோம்.

முதலில் கணக்கு: இந்த வாக்குறுதி உங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

வாக்குக் கொடுத்துவிட்டு, முதல் ரிட்டர்ன் வந்ததும் முகம் சுளிப்பதைவிட முன்பே கணக்குப் போடுவது நல்லது. கீழே உள்ள தொகைகளெல்லாம் உதாரணத்துக்கு. உங்கள் கூரியர் ரேட்டைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

சேலை விலை 950 ரூபாய், உங்கள் கொள்முதல் 600. அனுப்பும் கூரியருக்கு 80, சி.ஓ.டி. கட்டணம் 40, பேக்கிங் 15. ஒழுங்காக டெலிவரி ஆகிற சேலைக்கு 215 ரூபாய் கையில் நிற்கும். வாங்க மறுத்துத் திரும்பி வரும் பார்சலில் போகிற செலவு 80, திரும்பி வரும் செலவு 70, பேக்கிங் 15 என்று 165 ரூபாய் போகும். பத்து ஆர்டரில் இரண்டு இப்படித் திரும்பினால் 1,720-இல் 330 கழிந்து 1,390 மிச்சம். ஐந்து திரும்பினால் மிச்சம் 250 ரூபாய்தான். ஆறு திரும்பினால் கைக்காசு போகும்.

வாங்கிய பிறகு குறை சொல்லித் திருப்பி அனுப்பும் சேலை இன்னொரு வகை. அதற்குப் போகிற கூரியர், சி.ஓ.டி. கட்டணம், பேக்கிங், திரும்ப எடுக்கும் செலவு ஒரு 90 என்று மொத்தம் 225 ரூபாய் போகும். மேலே சொன்ன பத்தில் இரண்டு மறுப்பும் ஒரு ரிட்டர்னும் வந்தால் 950 ரூபாய் மிஞ்சும். அதாவது, ரிட்டர்ன் எடுப்பதால் கடை மூழ்காது. வாங்க மறுப்பவர்கள் அதிகமானால்தான் மூழ்கும். நிறைய கடைகள் ரிட்டர்னுக்குப் பயந்து “நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்” என்று போடுகின்றன. அதைப் பார்த்த வாடிக்கையாளர் அரைமனதோடு சி.ஓ.டி. போட்டு, கூரியர்காரர் வாசலில் நிற்கும்போது மனம் மாறி வேண்டாம் என்கிறார். சின்னச் செலவைத் தவிர்க்கப் போய்ப் பெரிய செலவை வரவழைத்துக்கொள்ளும் வேலை இது.

சி.ஓ.டி. பணம் டெலிவரி ஆன அன்றே உங்களுக்கு வராது என்பதையும் மறக்க வேண்டாம். கூரியர் நிறுவனம் சில நாள் கழித்து, பெரும்பாலும் ஒரு வாரச் சுற்றில்தான் கணக்கில் போடும். வாடிக்கையாளருக்கு ரீஃபண்ட் அதற்கு முன்பே கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு மூன்று சேலை விலையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டால் “கூரியர்ல இருந்து இன்னும் பணம் வரல சிஸ்டர்” என்று சொல்லும் நிலை வராது. அந்த வாக்கியத்தைக் கேட்கிற புது வாடிக்கையாளர் நம்மை ஏமாற்றுக்காரர் என்று முடிவே கட்டிவிடுவார்.

ரிட்டர்ன் விதியை எழுதுவது

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-உம், அதன் கீழ் 2020-இல் வந்த மின்வணிக விதிகளும் ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்கின்றன. பொருள் குறையுள்ளதாகவோ, விளம்பரத்தில் காட்டியபடி இல்லாமலோ இருந்தால் அதைத் திருப்பி எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. பில்லில் காலக்கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே வைத்திருக்கிறது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். ஆக, குறையுள்ள சேலைக்கும் சேர்த்து “நோ ரிட்டர்ன்” போர்டு மாட்டுவது செல்லாது. வாடிக்கையாளர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்தால் அந்த போர்டு உங்களைக் காப்பாற்றாது.

பிடிக்காமல் திருப்புவது வேறு. அதை ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. முதல் ஆர்டருக்கு மட்டுமாவது ஏற்பது நல்லது என்பது என் கருத்து. கூரியர் செலவை வாடிக்கையாளர் பார்த்துக்கொள்ளட்டும். அதுவும் முடியாது என்றால், முடியாது என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டு, பிறகு சண்டை போடுவதுதான் கெடுதல்.

விதியைப் பேசுவது போல எழுத வேண்டும். “விதிமுறைகளுக்கு உட்பட்டது” என்ற ஒரு வரி போதும், படிப்பவர் பயந்துவிட. இதை எடுத்து உங்கள் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்:

> சேலை கைக்கு வந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள்.
>
> கிழிசல், ஓட்டை, கறை இருந்தாலோ, நீங்கள் கேட்காத சேலை வந்தாலோ திருப்பி எடுத்துக்கொள்வோம். போக வர கூரியர் செலவு எங்களுடையது. வேறு சேலை வேண்டுமா, பணம் வேண்டுமா என்பதை நீங்களே சொல்லலாம்.
>
> கட்டிப் பார்க்கையில் பிடிக்கவில்லை என்றாலும் திருப்பலாம். அப்போது அனுப்பும் செலவு உங்களுடையது. சேலையின் விலை முழுதாகத் திரும்பி வரும்.
>
> துவைத்த, ஃபால்ஸ் அடித்த, பிளவுஸ் துணி வெட்டிய சேலையைப் பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காகத் திருப்ப முடியாது.
>
> நீங்கள் கூரியரில் பணமாகக் கொடுத்திருந்தாலும், சேலை எங்களிடம் வந்து சேர்ந்த 2 நாளுக்குள் உங்கள் யு.பி.ஐ.க்கோ வங்கிக் கணக்குக்கோ பணம் வரும்.

புதிதாக வருபவரின் கண் கடைசி வரியில்தான் நிற்கும். கார்டில் கட்டியிருந்தால் அதே கார்டுக்குப் பணம் திரும்பும் என்று எல்லோருக்கும் தெரியும். கையில் கொடுத்த நோட்டு எந்த வழியாகத் திரும்பும் என்பதை யாரும் சொல்வதில்லை. இந்த ஐந்து பத்தியையும் ஹைலைட்டில் ஒரு படமாகவும், வாட்ஸ்அப் பிசினஸில் ரெடியாக அனுப்பும் பதிலாகவும் வையுங்கள். “சி.ஓ.டி. இருக்கா?” என்று கேட்டால், “இருக்கு சிஸ்டர், ரிட்டர்னும் இருக்கு” என்று சொல்லி அதையே அனுப்பிவிடலாம்.

அப்புறம் அந்த ஓப்பனிங் வீடியோ விவகாரம். “பார்சல் பிரிக்கும்போது கட் இல்லாமல் வீடியோ எடுத்திருந்தால்தான் ரிட்டர்ன்” என்று ஊரில் பாதிக் கடை போட்டிருக்கிறது. கடைக்காரரின் கஷ்டம் புரிகிறது. பழைய சேலையைத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வேலைக்குப் போயிருக்கும் மருமகளின் பார்சலை வீட்டில் மாமியார் வாங்கிப் பிரித்துவிட்டால் வீடியோவுக்கு எங்கே போவது? படிக்கிறவருக்கு இது ரிட்டர்ன் தராமல் இருக்கக் கண்டுபிடித்த சாக்காகத்தான் தெரியும். வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் குறையுள்ள சேலையை மறுப்பது சட்டப்படியும் நிற்காது. வீடியோ இருந்தால் சீக்கிரம் முடியும், இல்லாவிட்டாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதுங்கள். ஆதாரம் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். அதைப் பேக்கிங் பகுதியில் சொல்கிறேன்.

பதிவிலேயே பாதி ரிட்டர்னைத் தடுக்கலாம்

“காட்டினது ஒண்ணு, வந்தது ஒண்ணு” என்ற புகாரில் பெரும்பகுதி நிறமும் நீளமும்தான். ரிங் லைட்டில் எடுத்த படத்தில் மெரூன், சிவப்பாகத் தெரியும். ஒவ்வொரு சேலைக்கும் ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், பத்து விநாடி வீடியோ ஒன்று இருக்கட்டும். சேலை நீளம் ஐந்தரை மீட்டர் மட்டுமா, பிளவுஸோடு ஆறே கால் மீட்டரா என்பதை எழுத்திலேயே போட்டுவிடுங்கள். பிளவுஸ் உண்டு என்று நினைத்து வாங்கியவர், இல்லை என்றதும் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார்.

சுங்குடிக்கு இன்னும் இரண்டு விஷயம் சேரும். ஒன்று, கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதா, மெழுகு அச்சா, வெறும் பிரிண்டா என்பதைச் சொல்லிவிட வேண்டும். கை முடிச்சில் புள்ளிகள் ஒரே சீராக இருக்காது. தெரியாதவர் அதைக் குறை என்று திருப்பி அனுப்புவார். இரண்டு, அடர்த்தியான நிறங்களில் முதல் சில துவைப்பில் சாயம் இறங்கும். தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும் என்பதைப் பதிவில் ஒரு தடவை, பார்சலுக்குள் சீட்டில் ஒரு தடவை சொல்லுங்கள். சாயம் போகும் என்று கடையே சொன்னால் விற்பனை குறையும் என்று சிலர் பயப்படுவார்கள். எனக்குத் தெரிந்தவரை நடப்பது வேறு. குறையையும் மறைக்காமல் சொல்கிற கடை, மற்றதிலும் பொய் சொல்லாது என்ற எண்ணம் வரும்.

ஆர்டரை உறுதி செய்யும் அழைப்பு

முதல் முறை வாங்குபவருக்குச் சி.ஓ.டி. பார்சல் போடும் முன் ஒரு தடவை போனில் பேசிவிடுங்கள். உங்களுக்கு முகவரி சரிபார்க்கும் வேலை. அவருக்கோ, மறுபக்கம் ஒரு மனுஷி இருக்கிறார் என்று தெரிகிற முதல் தருணம். பேச்சு இப்படி இருக்கலாம்:

“வணக்கம் சிஸ்டர், சுங்குடி சேலை ஆர்டர் போட்டிருந்தீங்க இல்லையா, மதுரையிலிருந்து பேசறேன். பச்சையில அரக்கு பார்டர், 950 ரூபா, வேற எதுவும் எக்ஸ்ட்ரா கிடையாது. முகவரி ஒருமுறை சொல்லுங்க.”

“சொல்றேன்... ஆனா பகல்ல நான் ஸ்கூலுக்குப் போயிடுவேன். வீட்ல அம்மாதான் இருப்பாங்க.”

“அப்ப அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி, 950 ரூபா குடுத்து வெச்சிடுங்க. அவங்க நம்பரும் குடுங்க, கூரியர்காரர் கூப்பிட்டா எடுக்கட்டும். பார்சல்ல எங்க பேஜ் பேர் இருக்காது, பில்லில் இருக்கிற பேர்தான் வரும். அதை இப்பவே வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்.”

இதில் மூன்று விஷயம் அடங்கியிருக்கிறது. வீட்டில் இருப்பவருக்குத் தெரியாமல் வரும் சி.ஓ.டி. பார்சல், “நாங்க எதுவும் ஆர்டர் போடலையே” என்ற ஒரு வார்த்தையில் திரும்பிவிடும். மொத்தத் தொகையை முன்பே சொல்லிவிட்டால் வாசலில் “இதென்ன கூட நாற்பது ரூபா?” என்ற தகராறு வராது. மூன்றாவது, லேபிளில் வரும் பெயர். இன்ஸ்டாகிராமில் ஒரு பெயர், கூரியர் லேபிளில் உங்கள் சொந்தப் பெயரோ இன்னொரு நிறுவனப் பெயரோ இருந்தால், போலிப் பார்சல் என்று நினைத்து மறுப்பவர்கள் நிறைய. லேபிளைப் போட்டோ எடுத்து முன்பே அனுப்பிவிட்டால் இது தீர்ந்துவிடும்.

இரண்டு நாள் மாறி மாறி அழைத்தும் எடுக்கவில்லை, மெசேஜுக்கும் பதில் இல்லை என்றால் பார்சல் போட வேண்டாம். அந்தச் சேலை அலமாரியிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

சிலர் 100 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மீதியைச் சி.ஓ.டி. போடுகிறார்கள். கூரியர் செலவுக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் சி.ஓ.டி. என்று விளம்பரம் பார்த்து வந்த புதியவரிடம் கடைசி நேரத்தில் கேட்டால் நம்பிக்கை அங்கேயே உடையும். வாங்குவதானால் பதிவிலேயே எழுதுங்கள். ஆர்டர் ரத்தானால் அது திரும்புமா என்பதையும் சேர்த்து. 3,000 ரூபாய்க்கு மேற்பட்ட பட்டுக்கு மட்டும் அட்வான்ஸ், காட்டனுக்கு முழுச் சி.ஓ.டி. என்று பிரித்தால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

பேக்கிங்கும் பார்சல் பயணமும்

பேக்கிங் வீடியோ ஒரு நிமிடம் போதும். சேலையை முழுதாக விரித்து முந்தானை, பார்டர், உடல் மூன்றையும் காட்டுங்கள். மடித்துக் கவரில் போட்டு ஒட்டி, எடை மெஷினில் வைத்து, லேபிளில் இருக்கும் டிராக்கிங் எண் தெரியும்படி முடியுங்கள். வீடியோ ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். அதை வாடிக்கையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். பணம் கொடுக்கும் முன்பே உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டார் அல்லவா, பிரித்துப் பார்க்க முடியாத குறை ஓரளவு தீர்ந்தது. நாளைக்குப் பிரச்சினை வந்தால் ஆதாரமும் இதுதான்.

கவரை நிறையப் பேர் பிளேடு வைத்துத்தான் பிரிக்கிறார்கள். இறுக்கிக் கட்டிய பார்சலில் பிளேடு சேலையையும் சேர்த்து வெட்டிவிடும். சேலைக்கு மேலும் கீழும் ஒரு அட்டை வையுங்கள், “பிளேடு வேண்டாம், இங்கே கிழிக்கவும்” என்று கவரில் ஒட்டுங்கள். உள்ளே பில், ரிட்டர்ன் விதி, அலசும் முறை மூன்றும் இருக்கட்டும்.

டிராக்கிங் எண்ணைக் கொடுத்துவிட்டுக் கைகழுவிவிடாமல், டெலிவரிக்குக் கிளம்பிய அன்று காலையில் ஒரு மெசேஜ் போடுங்கள். “வாடிக்கையாளர் இல்லை” என்று கூரியர் பதிவு செய்திருந்தால் உடனே அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். “எனக்குப் போனே வரலையே” என்றால், அவருடைய கால் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டை வாங்கி, மறுபடி கொண்டுபோகச் சொல்லிக் கூரியரிடம் அன்றே புகார் போடுங்கள். சில தடவை முயன்றபின் பார்சல் தானாகவே திரும்பிவிடும் என்பதால் இதில் ஒரு நாள் தாமதம்கூடக் காசு.

குறை என்று மெசேஜ் வந்ததும்

நாமக்கல்லிலிருந்து ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “அக்கா, சேலைல முந்தானைகிட்ட ஓட்டை இருக்கு. இப்ப என்ன பண்றது?” கூடவே ஒரு போட்டோ. ஓப்பனிங் வீடியோ எடுக்கவில்லை.

முதல் பதில் இப்படிப் போகட்டும்: “பார்த்துட்டேன் சிஸ்டர், கவலைப்படாதீங்க. சேலையை மடிச்சபடியே வெச்சு ஒரு போட்டோ, ஓட்டையைக் கிட்ட வெச்சு ஒண்ணு, வந்த கவர் ஒண்ணு அனுப்புங்க.” வீடியோ எங்கே என்று ஆரம்பித்தால் அவர் நேராகக் கமெண்டுக்குப் போய்விடுவார்.

மடித்த போட்டோ எதற்கு என்றால், ஓட்டை எப்படி வந்தது என்று அதில் தெரியும். மடிப்பில் அடுக்கடுக்காக அதே இடத்தில் நேர்கோடாக வெட்டியிருந்தால் பிளேடு பட்டது. கவரிலும் அதே நேரில் வெட்டு இருக்கும். ஒரே அடுக்கில், நூல் விலகியோ இழுபட்டோ இருந்தால் நெசவிலோ சாயப் பட்டறையிலோ வந்த குறை. பேக்கிங் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் சில நேரம் நம் வீடியோவிலேயே அந்த ஓட்டை இருக்கும்.

நெசவுக் குறை என்றால் பேச்சே இல்லை, நம் செலவில் திரும்ப எடுக்க வேண்டும். பிளேடு வெட்டு என்று நன்றாகத் தெரிந்தால், இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொறுமையாக விளக்குங்கள். செலவில் பாதி ஏற்கலாம். எப்படி என்றே தெரியவில்லை என்றால், முதல் ஆர்டரில் வாடிக்கையாளர் பக்கமே முடிவு எடுப்பது நல்லது. மேலே கணக்கில் பார்த்தபடி இதன் விலை 225 ரூபாயும் ஒரு குறைச் சேலையும். அதே முகவரி, அதே எண்ணிலிருந்து மறுபடி இப்படி வந்தால் அப்போது யோசிக்கலாம்.

எல்லா ஊரிலும் கூரியர் வீட்டுக்கு வந்து ரிட்டர்ன் எடுக்காது. கிராமப் பின்கோடு என்றால் பக்கத்துத் தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட் போடச் சொல்லி, ரசீது போட்டோ வந்த அன்றே தபால் செலவை மட்டும் அனுப்பிவிடுங்கள். சேலை விலை பிறகு வரும் என்று அவர் நம்ப இந்தச் சின்னத் தொகை ரொம்ப உதவும்.

ரீஃபண்ட் அனுப்பும்போது அவருடைய யு.பி.ஐ. ஐ.டி.யை மட்டும் கேளுங்கள். லிங்க் அனுப்பாதீர்கள், கியூ.ஆர். கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்லாதீர்கள், ஓ.டி.பி. கேட்காதீர்கள், மோசடிக்காரர்கள் “ரீஃபண்ட்” என்று சொல்லிப் பணம் பறிப்பது இந்த வழிகளில்தான். பணம் வாங்கப் பின் நம்பர் போடத் தேவையில்லை என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு ரூபாய் அனுப்பி, “வந்துச்சா, பேர் சரியா இருக்கா?” என்று கேட்டுவிட்டு மீதி 949-ஐ அனுப்பினால் தப்பான கணக்குக்குப் போகாது.

முடிந்தபின், அவர் சம்மதித்தால், பெயரும் எண்ணும் மறைத்து அந்த உரையாடலை “ரிட்டர்ன்” என்ற ஹைலைட்டில் போடுங்கள்: புகார் வந்த தேதி, சேலை திரும்பிய தேதி, பணம் போன தேதி. “சேலை சூப்பர் சிஸ்” என்ற ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்கு இப்போது பெரிய மதிப்பில்லை. கமெண்ட் பகுதியை மூடி வைக்கவும் வேண்டாம். யாராவது அங்கே குறை எழுதினால் அழிக்காமல், அங்கேயே பதில் சொல்லி, தீர்ந்ததும் “பணம் அனுப்பியாச்சு” என்று அதற்குக் கீழேயே எழுதுங்கள்.

ஒரு நோட்டில் திரும்பி வந்த ஒவ்வொரு சேலைக்கும் காரணம் எழுதி வாருங்கள்: வாசலில் மறுப்பு, நிறம், நீளம், ஓட்டை, சாயம். மாதக் கடைசியில் எது அதிகம் என்று பாருங்கள். நிறம் என்றால் வீடியோ எடுக்கும் இடத்தை மாற்ற வேண்டும். ஓட்டை என்றால் சேலை எடுக்கும் பட்டறையில் பேச வேண்டும். வாசலில் மறுப்பு என்றால் உறுதி அழைப்பில் வீட்டாரைப் பற்றிக் கேட்கிறீர்களா என்று பார்க்க வேண்டும். ஒரே பின்கோடிலிருந்து மறுப்பு மறுப்பாக வந்தால், அந்த ஊருக்குக் கூரியரை மாற்றிப் பார்த்துவிட்டு, பிறகு சி.ஓ.டி.யை நிறுத்துவது பற்றி முடிவெடுங்கள்.